தலைக்கட்டு வரி நோட்டிலிருந்து ஒரு முன்னுரை

கேள்வி: "கொங்கு நாட்டில் சமயமும் இடப்பெயர்வும் என்ற பொருளில் ஏழு கட்டுரைகள் கொண்ட தொகுப்பு நூல் ஒன்றைப் பதிப்பிக்கிறோம். அண்ணன்மார் கதை, தேவாங்கர்களின் சௌடேஸ்வரி வழிபாடு, எடப்பாடியாரின் பழனிக் காவடி, வால்பாறை எஸ்டேட் கோயில்கள், இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தவர்கள், திருச்செங்கோட்டு ரிக் தொழிலாளர்கள், திருப்பூரில் வடமாநிலத்தவர். முன்னுரையில் ஒவ்வொன்றையும் சுருக்கி எழுதினால் பொருளடக்கத்தை நீட்டியது போலத்தான் இருக்கிறது. பொதுவான வாதம் என்று எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது?"

இந்த மாதிரித் தொகுப்புகளில் வழக்கமாக வந்து உட்கார்ந்துகொள்ளும் வாக்கியம் ஒன்று உண்டு: "மக்கள் இடம்பெயரும்போது தங்கள் தெய்வங்களையும் கூடவே எடுத்துச் செல்கிறார்கள்." உங்கள் வரைவிலும் அது இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். பொய் என்பதால் அல்ல, யாரும் மறுக்க மாட்டார்கள் என்பதால். மறுக்க ஆள் இல்லாத வாக்கியம் ஏழு கட்டுரைகளையும் மேலே போர்த்தி மூடும், ஒன்றோடு ஒன்றைச் சேர்க்காது. விஷயம் தெரிந்த ஒருவர் "அப்படி இல்லையே, என் ஊரில் வேறு மாதிரி" என்று எதிர்த்துப் பேச இடம் இருந்தால்தான் அது வாதம்.

கட்டுரைகளை நான் பார்க்கவில்லை. தலைப்புகளையும், அந்தப் பொருள்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் வைத்துச் சொல்கிறேன். ஏழு தலைப்புகளையும் அடுக்கிப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய கேள்வி "எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள்" என்பதல்ல, "யாரிடம் வரி வாங்குகிறார்கள்" என்பதுதான்.

மாரியம்மன் நோம்பி நடக்கும் கொங்குக் கிராமம் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சாட்டுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் போடுவார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முடிவாகும். ஒரு நோட்டில் பெயர்கள் வரிசையாக இருக்கும். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன மகன் தனித் தலைக்கட்டு. அவன் பெயர் அப்பாவின் பெயருக்குக் கீழே புதிதாக ஏறும். ஊருக்குப் புதிதாக வந்து கடை வைத்திருப்பவரும் பணம் கொடுப்பார், சில சமயம் தலைக்கட்டு வரியைவிடப் பத்து மடங்குகூடக் கொடுப்பார். ஆனால் அது நன்கொடை. ரசீது தருவார்கள், மைக்கில் பெயர் சொல்வார்கள், அதோடு சரி. வரி அப்படி இல்லை. ஒருமுறை நோட்டில் பெயர் ஏறினால் அடுத்த வருஷமும் வீடு தேடி வருவார்கள். கொடுக்காவிட்டால் கேட்பார்கள். கேட்கும் உரிமை அவர்களுக்கு இருப்பது போலவே, கூட்டத்தில் உட்கார்ந்து "போன வருஷக் கணக்கு என்ன ஆச்சு" என்று கேட்கும் உரிமை கொடுத்தவருக்கும் வந்துவிடுகிறது. கம்பம் நடுவதிலும் மாவிளக்கு எடுப்பதிலும் பொங்கல் வைப்பதிலும் அந்த வீட்டுக்கு ஓர் இடம் வந்துவிடுகிறது.

இதிலிருந்து வாதத்தை இப்படி வைக்கலாம்: கொங்கில் வெளியிலிருந்து வந்த குடும்பம் ஊர்க்குடும்பமாவது, அது எந்தச் சாமியைக் கொண்டுவந்தது என்பதால் அல்ல, ஊரின் கோயில் கடமையில் அதற்குப் பங்கு வைக்கப்பட்டதா இல்லையா என்பதால். பங்கு கிடைக்காத இடத்தில் புறப்பட்டுவந்த ஊரின் சாமியே கடைசிவரை முதல் சாமியாக நிற்கிறது.

இதை மறுக்கலாம். கிறிஸ்தவக் குடும்பங்களும் இஸ்லாமியக் குடும்பங்களும் மாரியம்மன் கோயில் வரி நோட்டில் பெயர் இல்லாமலே தலைமுறை தலைமுறையாகக் கொங்கில் ஊர்க்காரர்களாக இருக்கிறார்களே என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பங்குத் திருவிழாக் கணக்கும் ஜமாஅத் சந்தாவும் அங்கே அதே வேலையைச் செய்கின்றனவா, அல்லது ஊரோடு சேர அவர்களுக்கு வேறு வழி இருந்ததா என்பது உங்கள் தொகுப்பு தொடாத பகுதி. முன்னுரையிலேயே அதைச் சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட கேள்வியை வரவழைக்கிறது என்பதே வாதம் உயிரோடு இருப்பதற்கு அடையாளம்.

இந்தத் துறையின் பழைய பேச்சோடும் இதை ஓரிரு வரிகளில் பொருத்திக் காட்டுங்கள். அமெரிக்கக் குடியேற்றத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் திமத்தி ஸ்மித் 1978இல் எழுதிய கட்டுரையில், இடப்பெயர்வே பல நேரம் மனிதரை இறைச் சிந்தனைக்குத் தள்ளும் அனுபவம் என்றார். வேர் அறுந்தவரின் தனிமை, இழப்பு, புது இடத்தின் பயம் எல்லாம் சேர்ந்து அவர்களைச் சமயத்தின் பக்கம் அழுத்தமாகத் திருப்புகின்றன என்பது அவர் பார்வை. அவர் புறப்பட்டவரின் மனசிலிருந்து தொடங்குகிறார். உங்கள் தொகுப்பு வரவேற்கும் ஊரின் நோட்டிலிருந்து தொடங்குகிறது. இந்த வேறுபாட்டைச் சொன்னால் போதும். முன்னுரையில் நான்கு பக்கத்துக்குக் கோட்பாட்டு வரலாறு எழுத வேண்டாம். கொங்கைத் தேடி வந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

அடுத்தது சுருக்கங்கள். உங்கள் சுருக்கம் பொருளடக்கம் மாதிரி ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் வினைச்சொற்களில் இருக்கும். "ஆராய்கிறது", "விவாதிக்கிறது", "கவனப்படுத்துகிறது", "எடுத்துரைக்கிறது". இவை கட்டுரையாளர் எதைப் பற்றிப் பேசினார் என்பதைச் சொல்லும், என்ன சொன்னார் என்பதைச் சொல்லாது. ஒரு சோதனை இருக்கிறது. சுருக்கத்தில் உள்ள சாதிப்பெயர், ஊர்ப்பெயர், சாமிப்பெயர் மூன்றையும் மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். வேறொரு கட்டுரைக்கும் அது பொருந்தினால் திரும்ப எழுத வேண்டியதுதான்.

தேவாங்கர் கட்டுரையை வைத்தே பார்க்கலாம். வழக்கமான சுருக்கம் இப்படி வரும்: "இக்கட்டுரை கொங்குப் பகுதியில் குடியேறிய தேவாங்கர் சமூகத்தினரின் சௌடேஸ்வரி அம்மன் வழிபாட்டு மரபுகளையும், இடப்பெயர்வுச் சூழலில் அவை அடையாளத்தைத் தக்கவைப்பதில் ஆற்றும் பங்கையும் ஆராய்கிறது." தவறு எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்தவருக்குப் புதிதாக எதுவும் தெரியாது.

இந்த வழிபாட்டில் நடப்பதை நேரில் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு அழுத்தமான காட்சி என்று தெரியும். விஜயதசமியன்று கோவையில் ராஜவீதி சௌடேஸ்வரி அம்மன் கோயிலுக்கு ஊர்வலம் வரும். வீரகுமாரர்கள் என்று அழைக்கப்படும் ஆண்கள், சிறுவர்கள் உட்பட, கையில் கத்தியோடு "தீசுக்கோ தாயே" என்று கூவிக்கொண்டு மார்பிலும் கையிலும் கீறிக்கொண்டு ஆடி வருவார்கள். ரத்தம் வழியும். காயத்தின் மேல் பொடியை அப்பிக்கொண்டு தொடர்ந்து ஆடுவார்கள். அம்மன் வராமல் நின்றபோது பக்தர்கள் தங்கள் உடம்பைக் கீறிக்கொண்டு அழைத்துவந்தார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் கதை. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் நெசவாளர் சமூகம், தமிழ் நகரத்தின் மையமான ஒரு தெருவில், தமிழ் அல்லாத ஒரு கூவலோடு அம்மனை அழைத்து வருகிறது.

இதை வாதத்தோடு சேர்த்தால் சுருக்கம் வேறு மாதிரி அமையும்: "சௌடேஸ்வரி தானாக நடந்து வரும் தெய்வம் அல்ல, ஒவ்வொரு ஆண்டும் ரத்தம் சிந்தி அழைத்துவர வேண்டியவள். கொங்கு நகரங்களில் தேவாங்கர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் பங்கு கேட்டு நிற்காமல், தங்கள் அம்மனைத் தெருவழியே கொண்டுவந்து நகரத்தின் திருவிழா நாள்காட்டியிலேயே இடம் பெற்றார்கள். இங்கே பங்கு என்பது ஊர் கொடுத்தது அல்ல, வந்தவர்கள் தாமே உண்டாக்கிக்கொண்டது. தறியும் சந்தையும் கையில் இருந்த ஒரு சமூகத்தால் அது முடிந்தது. மற்ற எல்லோராலும் முடியுமா என்ற கேள்வியை இக்கட்டுரை அடுத்து வரும் கட்டுரைகளுக்கு விட்டுச்செல்கிறது." கட்டுரையாளர் உண்மையிலேயே என்ன சொன்னாரோ அதற்கேற்ப இதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் காட்ட வருவது அமைப்பைத்தான். முதலில் ஒரு காட்சி, அப்புறம் கட்டுரை நிறுவுவது, அப்புறம் பொது வாதத்தை அது எங்கே அசைக்கிறது என்பது. நூற்றைம்பது சொற்களுக்குள் மூன்றும் அடங்கிவிடும்.

எடப்பாடிக் கட்டுரை இந்தத் தொகுப்பில் எப்படி இடம் பெற்றது என்று வாசகர் கேட்பார். பழனிக்குப் போகிறவர்கள் இடம்பெயர்ந்தவர்கள் அல்ல, போய்விட்டுத் திரும்பி வருகிறவர்கள். முன்னுரை இதைக் கண்டுகொள்ளாமல் போகக் கூடாது. என் கருத்தில் இந்தக் கட்டுரை உங்கள் வாதத்துக்கு மிகவும் தேவையானது. தைப்பூசம் முடிந்தபின் எடப்பாடியிலிருந்து பர்வதராஜகுலத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து வருவார்கள். மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் செய்வார்கள். மற்ற பக்தர்கள் இரவில் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இவர்கள் மட்டும் ஓர் இரவு மலைக்கோயிலில் தங்கலாம். பரம்பரையாக வரும் உரிமை அது. பழனியில் அவர்களுக்கு வீடு இல்லை, தொழில் இல்லை, வாக்குரிமை இல்லை. ஆனால் பழனியிலேயே பிறந்து வளர்ந்தவருக்கு இல்லாத ஓர் இரவு அவர்களுக்கு இருக்கிறது. கோயில் கடமையில் பங்கு, குடியிருப்பிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உங்கள் ஏழில் வேறு இல்லை. ஆகவே இதைக் கடைசியில் ஒட்டுப்போட்டது போல வைக்காமல், வாதத்தின் முக்கியச் சொல்லான "பங்கு" என்ன என்பதை விளக்கும் இடத்தில் வையுங்கள்.

அண்ணன்மார் கட்டுரையை முதலில் வைப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது சரிதான். வறட்சியில் ஊர் பெயர்ந்து வந்த முன்னோர், சோழ மன்னனின் ஆதரவில் நிலம், காடு திருத்துதல், வேட்டுவரோடு மோதல், பொன்னரும் சங்கரும் இறப்பது, தங்கையின் புலம்பல் என்று போகும் கதை அது. இரவெல்லாம் உடுக்கடித்துப் பாடப்படும் இந்தக் கதை, குடியேறியவரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சுருக்கம் எழுதும்போது கதையை வரலாறாக்கிவிடுவது மிக எளிது. "வேளாளர் இன்ன நூற்றாண்டில் இந்த வழியாக வந்தனர் என்பதை அண்ணன்மார் கதை காட்டுகிறது" என்று எழுதினால் முன்னுரை அங்கேயே வலுவிழக்கும். வந்து குடியேறியவர்கள் தங்கள் நில உரிமையை எப்படி நினைவில் வைத்திருக்க விரும்பினார்கள் என்பதைத்தான் அந்தக் கதை காட்டுகிறது. வேட்டுவர் தரப்பில் இந்த மோதலை வேறு விதமாகச் சொல்லும் மரபும் உண்டு. அதற்கு ஒரு வாக்கியமாவது கொடுங்கள். இல்லாவிட்டால் "முன்பே இருந்தவர்" என்ற தரப்பே இல்லாத இடப்பெயர்வு நூலாகிவிடும். அண்ணன்மார் கோயில் இருக்கும் வீரப்பூர் இன்று திருச்சி மாவட்டத்தில் இருக்கிறது என்பதும், மாசித் திருவிழாவுக்குக் கொங்கிலிருந்து கூட்டம் அங்கே போகிறது என்பதும் கவனிக்க வேண்டியவை. நினைவின் எல்லை மாவட்ட எல்லையோடு ஒத்துப்போவதில்லை.

வால்பாறையையும் நீலகிரியையும் ஒரே பத்தியில் இணைத்துவிடலாம். ஆனைமலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காடழித்துத் தோட்டம் போட்டபோது கங்காணிகள் வழியாகத் தெற்கு மாவட்டங்களிலிருந்து ஆள் வந்தார்கள். 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா ஒப்புக்கொண்டது. அதன்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கொடுக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் லைன் வீடுகளில் இருந்த எல்லோருமே வெளியிலிருந்து வந்தவர்கள். பெயரை ஏற்றிக்கொள்ளப் பழைய நோட்டு எதுவும் அங்கே இல்லை. புது நோட்டைத் தாங்களே போட்டார்கள். அதில் யாருக்கு முதல் மரியாதை என்பதைக் கங்காணி முடிவுசெய்தாரா, நிர்வாகமா, தொழிற்சங்கமா என்பதுதான் இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்தால் எழும் கேள்வி. நீலகிரியைக் கொங்கு என்று சொல்வதற்கு மட்டும் முன்னுரையில் ஒரு விளக்கம் தேவை. தோடரும் கோத்தரும் படகரும் குறும்பரும் இருளரும் வாழும் மலையைச் சமவெளியின் பெயரில் அடக்குவதை அவர்களில் பலர் ஏற்க மாட்டார்கள். "கொங்கு நாடும் அதையொட்டிய மலைகளும்" என்று எழுதினால் போதும்.

மீதி இருப்பது திருச்செங்கோடும் திருப்பூரும். இந்த முன்னுரையின் இதயம் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இரண்டையும் தனித்தனியாகச் சுருக்க வேண்டாம்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட இந்தியா முழுக்கப் போகின்றன. வண்டியோடு போகும் தொழிலாளர் மாதக்கணக்கில் வீடு திரும்புவதில்லை. கம்ப்ரசர் சத்தத்துக்கும் கல்தூளுக்கும் நடுவில், பேச்சுப் புரியாத ஊர்களில், வண்டிக்குள்ளேயே சமைத்துச் சாப்பிட்டு இருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேயே சந்தனம், குங்குமம், பூசணிக்காய். ஆனாலும் ஊர்க்கோயில் நோட்டில் அவர்கள் பெயர் அப்படியே இருக்கிறது. ஆள் இல்லாவிட்டாலும் வீட்டுப் பெண்கள் வரியைக் கட்டிவிடுவார்கள். திருச்செங்கோட்டில் வைகாசி விசாகத் தேருக்கு ஊர் வந்து சேர முடியாவிட்டாலும் அவர் அந்த ஊர்க்காரர்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

திருப்பூரில் இதற்கு நேர் எதிர். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் வருஷக்கணக்காகப் பனியன் கம்பெனியில் வேலை செய்வார். அதே காம்பவுண்டில் வாடகை கொடுப்பார். பக்கத்துக் கோயில் நோம்பிக்கு நன்கொடையும் கொடுத்திருக்கலாம். ஆனால் தலைக்கட்டாக எழுதப்படுவதில்லை. எழுதச் சொல்லி அவரும் கேட்பதில்லை. தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்கு ஊருக்குப் போக முடிந்தால் போவார். போக முடியாதவர், மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் கொடுக்க ஒரு நீர்நிலையைத் தேட வேண்டும். சாயக்கழிவால் நொய்யல் என்ன ஆனது என்பதும், 2011இல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆற்றங்கரையில் நிற்க யாரிடம் அனுமதி கேட்பது? பஞ்சாயத்திடமா, வீட்டுக்காரரிடமா, கம்பெனியிடமா? உங்கள் கட்டுரையாளர் இதற்குப் பதில் சேகரித்திருந்தால் அதை முன்னுரையிலேயே எடுத்துச் சொல்லுங்கள்.

ஊரில் இல்லாதவர் பெயர் நோட்டில் இருக்கிறது, ஊரில் இருப்பவர் பெயர் நோட்டில் இல்லை. இரண்டு கட்டுரைகளையும் இப்படி எதிரெதிரே நிறுத்தினால், தனித்தனிக் கட்டுரைகளாக அவற்றால் சொல்ல முடியாத ஒன்றை முன்னுரை சொல்லிவிடும். பதிப்பாசிரியரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை இதுதான்.

திருப்பூர்ப் பகுதியில் இன்னொரு கவனம். "வடமாநிலத்தவர்" என்ற ஒற்றைச் சொல்லை முன்னுரை முழுக்க ஓட்டாதீர்கள். ஒடியா பேசுபவரும் போஜ்புரி பேசுபவரும் வங்காளியும் ஜார்க்கண்டின் ஆதிவாசியும் அதற்குள் இருக்கிறார்கள்; இந்துக்களும் இஸ்லாமியர்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர்களையும் ஓரிடத்தில் நினைவுபடுத்துங்கள். அவர்கள் தமிழ் பேசுகிறார்கள், பலர் சொந்த வீடும் கட்டிவிட்டார்கள். ஆனாலும் பிள்ளைக்கு முதல் மொட்டை எடுக்கக் குலசாமி கோயிலுக்குத் தெற்கே வண்டி பிடிக்கிறார்கள். ஆகவே மொழி மட்டும் காரணம் என்று முடித்துவிட முடியாது.

உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பங்கு கிடைப்பதால் ஊர்க்காரர் ஆகிறார்கள் என்று எழுதிவிட்டு அதோடு நிறுத்தினால், கொங்கு ஊர்கள் மெல்ல மெல்ல எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் என்ற பொய்யான படம் கிடைக்கும். அருந்ததியர் குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக அதே ஊரில் இருக்கின்றன. வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் அவற்றில் பல. ஊரின் தோட்டத்தில் உழைத்தது, தோல் வேலை செய்தது, திருவிழாவில் பறையடித்தது எல்லாம் அவர்கள். ஆனாலும் பொதுக்கோயிலுக்கு அவர்களிடம் வரி வாங்க மறுப்பது தமிழகத்தின் பல ஊர்களில் வழக்காகவும் போராட்டமாகவும் வெளிவந்த செய்தி. ஏன் மறுக்கிறார்கள்? வாங்கினால் பங்கு கொடுக்க வேண்டிவரும் என்று ஊருக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வாதத்தை இதைவிட உறுதியாக நிறுவும் சான்று வேறு இருக்காது, அதே நேரத்தில் இதைவிட வேதனையானதும் இருக்காது. இடப்பெயர்வின் காலநீளம் மட்டும் ஒருவரை ஊர்க்காரர் ஆக்காது, சாதி குறுக்கே நிற்கும். இதற்குத் தனிக் கட்டுரை வாங்க இன்னும் நேரம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் முன்னுரையில் இரண்டு பத்தி எழுதி, தொகுப்பில் இந்த இடம் காலியாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மழுப்பக் கூடாத இடம் இது.

அமைப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. வரி நோட்டுக் காட்சியையும் வாதத்தையும் முதல் இரண்டு பக்கத்துக்குள் வைத்துவிடுங்கள். அப்புறம் திமத்தி ஸ்மித் பற்றிய ஒரு பத்தி. அப்புறம் எடப்பாடியை வைத்துப் பங்கு என்றால் என்ன என்ற விளக்கம். அண்ணன்மாரும் தேவாங்கரும் தாமே பங்கை உண்டாக்கியவர்களாக ஒரு பகுதி, இரண்டு மலைக் கட்டுரைகளும் புது நோட்டுப் போட்டவர்களாக ஒரு பகுதி, ரிக் வண்டியும் திருப்பூரும் எதிரெதிராக ஒரு பகுதி. பொருளடக்கத்தின் வரிசையை முன்னுரை அப்படியே பின்பற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எல்லாக் கட்டுரைக்கும் சம நீளம் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை, ஆனால் எந்தக் கட்டுரையாளரும் ஒற்றை வரியில் முடிந்துபோகக் கூடாது.

கடைசியாக, சுருக்கங்களை எழுதி முடித்ததும் அந்தந்தக் கட்டுரையாளருக்கு அவரவர் பத்தியை மட்டும் அனுப்பாமல் முழு முன்னுரையையும் அனுப்புங்கள். தன் பத்தியை மட்டும் பார்ப்பவர் பெயர், ஆண்டு, எழுத்துப்பிழை திருத்தித் தருவார். முழுதும் படிப்பவர்தான் "என் கட்டுரையை உங்கள் வாதத்துக்கு இழுத்துவிட்டீர்கள்" என்று சொல்வார். வால்பாறைக் கட்டுரையாளரோ திருப்பூர்க் கட்டுரையாளரோ அப்படிச் சொல்ல வாய்ப்பு அதிகம். எஸ்டேட் கோயிலில் பங்கு என்ற பேச்சே பொருந்தாது, அங்கே எல்லாம் நிர்வாகத்தின் தயவுதான் என்று ஒருவர் சொல்லலாம். திருப்பூர்த் தொழிலாளர் ஊரோடு சேரவே விரும்பவில்லை, பணம் சேர்த்துக்கொண்டு திரும்பத்தான் வந்திருக்கிறார்கள், பங்கு கிடைக்கவில்லை என்று நீங்கள் ஏன் வருந்துகிறீர்கள் என்று இன்னொருவர் கேட்கலாம். இரண்டும் வலுவான மறுப்புகள். கட்டுரையாளரைச் சம்மதிக்கவைத்து வாதத்தை வழவழப்பாக்க முயல வேண்டாம். மறுப்பை அவர் பெயரோடு அவர் சொன்ன வார்த்தைகளிலேயே முன்னுரையில் சேர்த்து, அதற்கு உங்கள் பதிலையும் கீழே எழுதுங்கள். பதில் இல்லையென்றால் அந்த மறுப்பு பதிலில்லாமலே அச்சேறட்டும்.